விசிட்டிங் கார்டுக்கும் கடைப் பலகைக்கும் ஒரே லோகோ, ஒரே நீலம்

தோழியின் தையலகத்துக்கு லோகோ வரைந்து, கார்டு அச்சடித்து, பலகையும் மாட்டியாகிவிட்டது. கார்டைப் பலகைக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் இரண்டிலும் நீலம் ஒன்றாகத் தெரிகிறது. முதல் சுற்றில் அப்படி இல்லை. திரையில் பளீரென்ற நீலம், கார்டில் மங்கலான ஊதா, பலகை செய்பவர் காட்டிய ஸ்டிக்கர் தாளில் வேறொரு நீலம் என மூன்று கடைகளின் பொருள் போல இருந்தது. வேலையின் வரிசையைத் தலைகீழாக்கிய பிறகுதான் சரிவந்தது. எந்த வரிசை என்பதைத்தான் இங்கே முக்கியமாக எழுதப் போகிறேன்.

கருவி இங்க்ஸ்கேப். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோடுகளைப் புள்ளிகளாக இல்லாமல் வடிவங்களாகச் சேமிப்பதால் 16 மி.மீ. கார்டு லோகோவும் 640 மி.மீ. பலகை லோகோவும் ஒரே கோப்பிலிருந்து வரும். பலகைக்கு வினைல் ஸ்டிக்கரை வெட்டும் இயந்திரத்துக்கு எப்படியும் வெளிக்கோடு வேண்டும். படக் கோப்பைக் கொடுத்தால் அவர்கள் அதை மறுபடி வரைய வேண்டியிருக்கும். அப்போது வளைவு அவர்கள் கையில்.

லோகோ ‘தை’ என்ற எழுத்துதான். அடியில் வளைந்து இறங்கும் வாலை நூலாக நீட்டி, நுனியில் ஓர் ஊசி. கத்தரிக்கோல், தையல் இயந்திரம், அளவு நாடா என்று முதலில் வரைந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். 16 மி.மீ. அகலத்தில் அவை எல்லாமே கறைதான்.

Document Properties-இல் அலகை மி.மீ. ஆக்கி, பக்கத்தை 100 × 100 என்று வைத்தேன். இது வெறும் வசதி இல்லை. லோகோவின் அகலம் சரியாக 100 மி.மீ. என்றால் அதில் எந்த அளவும் மொத்த அகலத்தின் சதவீதம் ஆகிவிடும். 5 மி.மீ. தடிமனுள்ள ஊசி, 16 மி.மீ. கார்டு லோகோவில் 0.8 மி.மீ.; 640 மி.மீ. பலகையில் 32 மி.மீ. மனக்கணக்கிலேயே வரும்.

எழுத்தை நேரடியாக எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. Mukta Malar-இல் ‘தை’ என்று அடித்து, அதை ஒரு தனி அடுக்கில் வெளிர் சாம்பலாக்கிப் பூட்டிவிட்டு, மேலே பேனாக் கருவியால் நடுக்கோட்டை மட்டும் வரைந்தேன். அந்தக் கோட்டுக்கு 10 மி.மீ. தடிமன், உருண்டை முனை. எழுத்துருவில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். எனக்கு நூல் போல ஒரே தடிமன் வேண்டும். இப்படி ஒற்றைக் கோடாக இருக்கும்வரை தடிமனை ஒரே எண்ணில் மாற்றிப் பார்க்கலாம். வடிவமாக மாற்றுவதைக் கடைசி வரை தள்ளிப்போட இதுவே காரணம்.

தள்ளிப்போட்டது உதவியது. 10 மி.மீ. தடிமனில் திரையில் கம்பீரமாக இருந்த ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழி, கார்டு அளவில் அச்சடித்ததும் அடைத்துக்கொண்டது. சுழிக்குள் இருந்த வெற்றிடம் 4 மி.மீ. கார்டில் அது 0.64 மி.மீ. வெள்ளைத் தாளில் நீலக் கோடாக அச்சானால் அந்த வெற்றிடம் தப்பிக்கும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விடும்போதுதான் சிக்கல். சுற்றியுள்ள மை கொஞ்சம் உள்ளே பரவும். வெள்ளைக் கோடு மெலியும், நடுவிலுள்ள நீலப் பொட்டு சுழியாகத் தனித்துத் தெரியாது. தடிமனை 8 ஆக்கி, சுழியைச் சற்று அகட்டி, வெற்றிடத்தை 6 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். கார்டில் இப்போது 0.96 மி.மீ. இரண்டு வகையிலும் சுழி சுழியாகவே தெரிந்தது.

ஊசிதான் அதிகம் இழுத்தடித்தது. முதலில் 2 மி.மீ. தடிமனில் மெல்லிய, அழகான ஊசி. கார்டில் 0.32 மி.மீ.; வெள்ளைத் தாளில் தெரிந்தது, நீலப் பின்னணியில் பாதி காணாமல் போனது. 5 மி.மீ. ஆக்கியதும் நின்றது. ஊசிக்காது இன்னும் மோசம். 2 மி.மீ. அகலத் துளை, கார்டில் 0.32 மி.மீ. பலகையில் அதே துளை 13 மி.மீ. அகலம், அருமையாகத் தெரியும். இரண்டுக்கும் பொதுவான தீர்வு தேடுவதை விட்டுவிட்டு இரண்டு வடிவங்களாகவே வைத்துக்கொண்டேன். லோகோ 40 மி.மீ.க்கு மேல் அச்சாகும் இடங்களில் காதுள்ள ஊசி, அதற்குக் கீழே காதில்லாத ஊசி. கோப்பின் பெயரிலேயே ‘பெரியது’, ‘சிறியது’. பார்ப்பவர் ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

முதல் திட்டத்தில் நூல் நீலம், ஊசி மஞ்சள். இரண்டும் தொடும் இடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கார்டில் நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும்போது மயிரிழை விலகினாலும் இரண்டு நிறங்களுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். பலகையில் இரண்டு ஸ்டிக்கர்களையும் கையால் ஒட்டுகிறார்கள். அங்கே விலகல் மி.மீ. கணக்கிலேயே இருக்கும். தற்செயலாக இடைவெளி வருவதற்குப் பதில் வேண்டுமென்றே விட்டுவிட்டால் என்ன என்று நூலுக்கும் ஊசிக்கும் நடுவே 3 மி.மீ. வெட்டிவிட்டேன். கார்டில் அது 0.48, பலகையில் 19 மி.மீ. யார் ஒட்டினாலும், எந்த அச்சகத்தில் அடித்தாலும் அது வடிவமைப்பின் பகுதியாகவே தெரியும். ஊசியின் நகல் ஒன்றை எடுத்து Path > Outset மூலம் விரித்து, நூலையும் அந்த நகலையும் தேர்ந்து Path > Difference கொடுத்தால் நூலின் நுனி ஊசியின் வளைவுக்கு இணையாகவே வெட்டுப்படும். ஒரு தடவைக்கு எவ்வளவு விரிய வேண்டும் என்பதை Preferences-இல் Behavior > Steps பக்கத்தில் மாற்றலாம். இதைச் செய்வதற்கு முன் நூல் கோடாக இல்லாமல் வடிவமாக மாறியிருக்க வேண்டும்.

அந்த மாற்றத்துக்கு Path > Stroke to Path. பிறகு எழுத்தின் துண்டுகளை எல்லாம் தேர்ந்து Path > Union. இதற்குப் பின் கட்டாயம் செய்ய வேண்டியது, View > Display Mode > Outline. நிறங்கள் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். கொம்பும் த-வும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு கோடு மிச்சம் இருந்தால் Union சரியாக விழவில்லை என்று பொருள். நிறத்தோடு பார்க்கும்போது அது கண்ணுக்கே தெரியாது; வெட்டும் இயந்திரம் அதையும் ஒரு கோடாக எண்ணி எழுத்தின் நடுவே வெட்டிவிடும். எனக்கு அப்படி ஒரு கோடு கொம்பின் அடியில் மாட்டியது.

பலகை எப்படித் தெரியும் என்று மேசையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. தூரத்தையும் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் கண்ணுக்கு விழும் அளவு மாறாது. 640 மி.மீ. லோகோவை 14 மீட்டரிலிருந்து பார்ப்பதும், 16 மி.மீ. கார்டு லோகோவைக் கையில் 35 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்ப்பதும் ஒன்றுதான். கார்டில் படிக்க முடியாதது சாலைக்கு எதிர்ப்புறமிருந்தும் படிக்க முடியாது. முழுப் பலகையையும் இப்படிச் சோதித்தேன். பலகை 2400 × 900 மி.மீ. இங்க்ஸ்கேப்பில் பத்தில் ஒரு பங்காக, 240 × 90 மி.மீ. பக்கத்தில் அடுக்கி, வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். அது 20 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம்.

பலகை எழுத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம்; மீட்டர் கணக்கில், ஒரு மீட்டருக்குச் சுமார் 8 மி.மீ. 20 மீட்டருக்கு 160 மி.மீ. இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்த கணக்கு. நம் எழுத்தில் ஒற்றெழுத்தின் புள்ளியும் சுழிகளும் அந்த உயரத்துக்குள் இன்னும் சிறியவை. சுவரில் ஒட்டிய அச்சில் ‘தையலகம்’ 160 மி.மீ. கணக்கில் படிக்க முடிந்தது, ஆனால் கடைசிப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. லோகோவுக்கும் ஓரங்களுக்கும் போக 1500 மி.மீ. மிச்சம் இருந்ததால் எழுத்தை 210 ஆக்கிவிட்டேன். அதற்குக் கீழே எழுதலாம் என்று வைத்திருந்த சேவைப் பட்டியல் போய்விட்டது. தொலைபேசி எண் மட்டும் மிஞ்சியது. அந்த எண்ணுக்கு முதலில் மெல்லிய எழுத்துரு வைத்திருந்தேன். வினைல் வெட்டுபவர் பார்த்துவிட்டு, “வெட்டிக் கொடுத்துடலாம், ஆனா இந்தக் கோடு மூணு மி.மீ.கூட இல்ல. ஒட்டின கொஞ்ச நாள்லயே முனை தூக்கும்” என்றார். தடித்த எழுத்துக்கு மாற்றினேன்.

இனி நிறம். நான் முதலில் திரையில் #0057FF என்ற நீலத்தைத் தேர்ந்து, அதைத் தாளிலும் ஸ்டிக்கரிலும் பிடிக்கப் பார்த்தேன். அது நடக்காத காரியம். திரை ஒளியால் காட்டும் அந்த நீலம் நான்கு மைகளால் எட்டக்கூடிய எல்லைக்கு வெளியே இருக்கிறது. மென்பொருள் அதற்கு மிக அருகில் உள்ளதைத் தேடி நீல மையையும் மெஜந்தாவையும் ஏற்றும், வருவது ஊதா. வினைல் தாளிலோ கலப்பதே கிடையாது. மாதிரிப் புத்தகத்தில் என்ன நிறத் தாள் இருக்கிறதோ அதுதான்.

எனவே தேர்வு மிகக் குறைவாக உள்ள இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வினைல் மாதிரிப் புத்தகம், அடுத்தது அச்சு மை, கடைசியாகத் திரை. திரையில் ஏறக்குறைய எந்த நிறத்தையும் கொண்டுவரலாம், ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது திரைதான். மாதிரிப் புத்தகத்தை வெளியே வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மயில் நீலம் ஒன்றும் மஞ்சள் ஒன்றும் எடுத்தோம். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலங்கள் பகலில் பிரிந்து நிற்கும். பலகை இருக்கப்போவது பகலில். இரண்டு தாள்களிலிருந்தும் ஒரு சிறு துண்டு வாங்கிக்கொண்டேன். இந்த வேலையில் ஆகப் பெரிய பயன் அந்தத் துண்டுகளால்தான்.

அடுத்து மை. இங்க்ஸ்கேப்பிலிருந்து வழக்கமாக வரும் பிடிஎஃப் ஆர்ஜிபி என்ற திரை நிறங்களோடுதான் வரும். சிஎம்ஒய்கே, அதாவது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் எண்களை நாமே கையில் வைத்திருக்க ஸ்கிரைபஸ் என்ற இன்னோர் இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டேன். அதில் சிறு சதுரங்களாக ஒரு பக்கம் தயாரித்தேன். நடுவில் C 100, M 60, Y 30, K 20. சுற்றிலும் C-யை இறக்கியும், மற்ற மைகளை ஏற்றியும் இறக்கியும், 5 அல்லது 10 படிகளாக. ஒவ்வொரு சதுரத்துக்குக் கீழும் அதன் எண்கள். கார்டு அடிக்கப்போகும் அதே அச்சகத்தில், அதே தாளில் இந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து, வினைல் துண்டைச் சதுரம் சதுரமாக மேலே வைத்துப் பார்த்தோம். பொருந்தியது C 100, M 55, Y 30, K 25. மெஜந்தா 70-ஐத் தாண்டிய சதுரங்கள் எல்லாம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தன. நீலத்தில் மெஜந்தாவை நீல மையைவிடக் குறைந்தது 30 தள்ளியே வை என்று அச்சுக்காரர்கள் சொல்வது இதனால்தான். மஞ்சளுக்கு M 30, Y 95, மற்றவை 0. தாள் மாறினால் இந்த எண்கள் செல்லாது. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், அதே எண்கள் அங்கே மங்கும்.

மூன்றாவதாகத் திரை. வினைல் துண்டைக் கைபேசியில் படம் பிடித்து நிறத்தை எடுத்தால் கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்திவிடும். வேறொரு நீலம்தான் கிடைக்கும். துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்தே நகர்த்தினேன். நீலம் #0B4F6C, மஞ்சள் #F4B41A என்று நின்றது. அவற்றை .gpl என்று முடியும் ஒரு நிறத்தட்டுக் கோப்பாக எழுதி, Preferences-இல் System பக்கம் காட்டும் User palettes கோப்புறையில் போட்டேன்:

```
GIMP Palette
Name: தையலகம்
Columns: 3
#
11 79 108   மயில் நீலம்
244 180 26  ஊசி மஞ்சள்
255 255 255 வெள்ளை
```

மென்பொருளை மூடித் திறந்து, நிறத்தட்டுப் பட்டியலில் ‘தையலகம்’ என்பதைத் தேர்ந்தால் இந்த மூன்று நிறங்கள் மட்டுமுள்ள தட்டு கீழே வந்துவிடும். வேறு நிறம் வேண்டுமென்று கை தானாகப் போகாது.

எந்த நிறத்தின் மேல் எது வரலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்தேன். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகளில் இரு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 வேண்டும். பலகைக்கும் அதையே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நம் நீலத்தின் மேல் வெள்ளை 8.9 வருகிறது. நீலத்தின் மேல் மஞ்சள் 4.8. மஞ்சளின் மேல் வெள்ளை வெறும் 1.8. ஆகவே வெள்ளையும் மஞ்சளும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வெள்ளைக் கார்டில் ஊசியும் நீலம்தான், இடைவெளி மட்டும் இருக்கும். மஞ்சள் ஊசி நீலப் பின்னணியில் மட்டும். தோழிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். வெள்ளைக் கார்டில் மஞ்சள் ஊசியை 35 செ.மீ. தள்ளிப் பிடித்துக் காட்டியபின் ஒத்துக்கொண்டாள்.

கார்டுக் கோப்பை ஸ்கிரைபஸில் கட்டினேன். அளவு 90 × 54 மி.மீ., நாலு பக்கமும் 3 மி.மீ. வெட்டு மிச்சம். நீலப் பின்னணி அந்த மிச்சம்வரை போக வேண்டும், எழுத்து ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி கோப்பை உள்ளே கொண்டுவந்தால் நிறப் பட்டியலில் FromSVG#0b4f6c என்பது போன்ற பெயரில் நீலம் ஆர்ஜிபியாக வந்து நிற்கும். அதைத் திறந்து சிஎம்ஒய்கேக்கு மாற்றி, சதுரத்தில் தேர்ந்த எண்களைப் போட்டால் அந்த நிறம் வரும் எல்லா இடங்களும் மாறும். பின்பக்க முகவரியின் கறுப்பு K 100 மட்டும். ஆர்ஜிபி கறுப்பை அப்படியே அனுப்பினால் அது நான்கு மைகளின் கலவையாக மாறி, 8 பாயின்ட் எழுத்தில் ஒற்றுப் புள்ளிகளைச் சுற்றி நிற நிழல் விழும்.

தமிழ் எழுத்துகளை அனுப்பும் முன் Path > Object to Path கொடுத்து வடிவமாக்கியே ஆகவேண்டும். அந்தப் பக்கத்துக் கணினியில் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள் வரும். சில பழைய மென்பொருள்களில் எழுத்துரு இருந்தாலும் கொம்பு எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும். வடிவமான பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் திருத்தக்கூடிய நகல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். பலகைக் கோப்பின் பெயரில் ‘பத்தில் ஒரு பங்கு, முழு அளவு 2400 × 900’ என்று எழுதியே அனுப்பினேன். நீலத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என இரண்டு வெட்டுக் கோப்புகள், ஒட்டும் இடம் காட்ட மூன்றாவதாக முழு வடிவம்.

பலகையின் பின்னணியும் நீலம்தான். முழுத் தகட்டுக்கும் நீல வினைலை ஒட்டி, மேலே வெள்ளை எழுத்தையும் மஞ்சள் ஊசியையும் வைத்தார்கள். நூலும் அங்கே வெள்ளை. நீலக் கோப்பை நீலத்தில் வெட்ட வேண்டியிருக்கவில்லை. வடிவம் ஒன்றே என்பதால் அதையே வெள்ளைத் தாளில் வெட்டினார்கள்.

மாற்ற வேண்டும் என்று நினைப்பது ஒன்று. சதுரப் பக்கத்தை வெறும் தாளில் ஒப்பிட்டோம். கார்டுக்குப் பிறகு பளபளப்பு லேமினேஷன் போட்டதும் நீலம் சற்று ஆழமாகிவிட்டது. பலகையோடு சேர்த்துப் பார்த்தால் இடிக்கவில்லை, ஆனாலும் அடுத்த முறை சதுரப் பக்கத்துக்கும் லேமினேஷன் போட்டே ஒப்பிடுவேன். K-யை 20-க்கு இறக்கினால் போதும் என்று தோன்றுகிறது. இப்போது தோழி துணிகளில் தைக்க நெய்த லேபிள் கேட்கிறாள். 20 மி.மீ. லேபிளில் ஊசி இடைவெளி 0.6 மி.மீ.; அதை நூல் மூடிவிடும் என்கிறார் லேபிள் செய்பவர். அதற்கு இடைவெளியை 6 ஆக்கி, சுழியை இன்னும் திறந்து, மூன்றாவதாக ஒரு வடிவம் வரைந்துகொண்டிருக்கிறேன். நீலத்துக்கு இனி வினைல் துண்டை நூற்கண்டுகளின் மாதிரி அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.